நீளமான கூட்ட மின்னஞ்சலைச் சில வரிச் செய்தியாக்குவது

கேள்வி: அலுவலகத்தில் கூட்டம் பற்றி வருகிற மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்கு நீள்கிறது. அதை எங்கள் குழுவுக்கு ஃபோனில் ரெண்டு மூணு வரியில் அனுப்பும் வேலை என்னுடையது. சுருக்கினால் ஏதாவது விட்டுப்போகிறது, அப்புறம் ஆளாளுக்கு "எங்கே? எத்தனை மணிக்கு? எதுக்கு?" என்று திரும்பக் கேட்கிறார்கள். தேதி, நேரம், இடம், நோக்கம் நாலும் தங்கும்படி எப்படிச் சுருக்குவது?

பதில்:

மின்னஞ்சலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வாக்கியம் வாக்கியமாக வெட்டினால் இப்படித்தான் ஆகும். மின்னஞ்சல் எழுதுகிறவர் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவார். முதலில் என்ன திட்டமிட்டோம், ஏன் முடியவில்லை, யார் என்ன சொன்னார்கள் என்று போய், முடிவு மூன்றாவது நான்காவது வாக்கியத்தில்தான் வரும். ஃபோனில் படிப்பவருக்கோ பூட்டிய திரையில் முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். ஆகவே வெட்டுவதை விட்டுவிடுங்கள். தேவையானதை வெளியே எடுத்துவைத்துக்கொண்டு, செய்தியைப் புதிதாக எழுதுங்கள். சுருக்கமும் தானாக வந்துவிடும்.

ஒரு மாதிரி மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

> பொருள்: மறு: மறு: பதிவுப் படிவ ஆய்வுக் கூட்டம், மார்ச் 10
>
> அனைவருக்கும் வணக்கம். கடந்த வாரம் அனுப்பிய மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். மார்ச் 10 செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நடப்பதாக இருந்த ஆய்வுக் கூட்டத்தை, தணிக்கைக் குழுவினர் அன்று முழுவதும் வேறு பணியில் இருப்பதால் நடத்த இயலவில்லை. புதன்கிழமை வைக்கலாம் என்று சிலர் கூறினர். அது பதிவுப் பிரிவினருக்கு ஒத்துவரவில்லை. பலரிடமும் பேசிப் பார்த்ததில் மார்ச் 12 வியாழக்கிழமை காலை 10:30 மணி எல்லோருக்கும் வசதியாக இருக்கும் எனத் தெரிகிறது. மூன்றாம் மாடி அரங்கில் வண்ணம் பூசும் வேலை நடப்பதால் இம்முறை இரண்டாம் மாடியில் உள்ள சிறிய கூட்ட அறையில் (அறை 204) கூடுவோம். கூட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாது.
>
> புதிய படிவத்தை ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவருவதா, இன்னும் ஒரு மாதம் சோதனையில் வைப்பதா என்பதை அன்று முடிவு செய்தாக வேண்டும். சோதனையின்போது கண்ட பிழைகளின் பட்டியலை ஒவ்வொரு பிரிவும் கொண்டுவந்தால் பேச்சு எளிதாகும். வர இயலாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை அனுப்பலாம். அவர் பெயரை மார்ச் 11 மதியத்துக்குள் எனக்குத் தெரிவித்தால் போதும். வெளியிடங்களில் இருப்பவர்கள் காணொளி வழியே இணையலாம். இணைப்பு நாட்காட்டி அழைப்பில் உள்ளது. நன்றி.
>
> ஒருங்கிணைப்பாளர்

இதில் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பொருள் வரியில் 10, உள்ளே மறுபடி 10, பெயருக்கு ஒரு புதன், பிறகு 12, கடைசியில் 11. கூடவே ஏப்ரலும் உண்டு. நாம் போக வேண்டிய நாள் இவற்றில் ஒன்றே ஒன்று. அவசரத்தில் சுருக்குபவர் கண்ணில் முதலில் படுவது பொருள் வரியில் இருக்கும் தேதிதான். அதுவோ பழையது. பதிலுக்குப் பதில் போட்டு வளர்ந்த மின்னஞ்சலில் பொருள் வரியை யாரும் திருத்துவதில்லை. கூட்டம் மூன்று முறை மாறினாலும் அதில் முதல் தேதியே நிற்கும். அதனால் பொருள் வரியிலிருந்து தேதியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

முதல் வேலை, கடைசி வரி வரை படித்துவிட்டு, ஒரு துண்டுத் தாளிலோ ஃபோனின் குறிப்புப் பக்கத்திலோ நாலு தலைப்புக்கும் மின்னஞ்சலில் இருக்கிற சொற்களையே அப்படியே எழுதிக்கொள்வது. இந்தக் கட்டத்தில் சுருக்கக் கூடாது. தேதி: மார்ச் 12 வியாழக்கிழமை. நேரம்: காலை 10:30, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாது. இடம்: இரண்டாம் மாடி, சிறிய கூட்ட அறை, அறை 204. நோக்கம்: படிவம் ஏப்ரல் முதலா, இன்னும் ஒரு மாதம் சோதனையா என்று முடிவு செய்வது. ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: படிப்பவர் செய்ய வேண்டியது. இங்கே அது இரண்டு. பிழைப் பட்டியல் கொண்டுவருவது, வர முடியாவிட்டால் பதில் ஆள் பெயரைச் சொல்வது. நீங்கள் கேட்டது நாலுதான். ஆனால் இந்த ஐந்தாவது விட்டுப்போனால் வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்து உட்காருவார்கள். கூட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும். அதனால் நான் இதை நோக்கத்தின் வாலாகவே கணக்கில் வைப்பேன்.

எடுத்து எழுதும்போதே இரண்டு சோதனைகளை முடித்துவிடலாம். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியில் பாருங்கள். மின்னஞ்சலில் "மார்ச் 12 புதன்கிழமை" என்று இருந்து, 12 உண்மையில் வியாழனாக இருந்தால், எது சரி என்று நீங்களே ஊகிக்கக் கூடாது. எண்ணில் பிழையா, கிழமையில் பிழையா என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். ஒரு வரி கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இரண்டாவது, முடிவாகிவிட்டதா என்பது. "வசதியாக இருக்கும் எனத் தெரிகிறது" என்பதை மட்டும் பார்த்தால் இன்னும் பேச்சில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அடுத்த வாக்கியத்தில் அறை எண்ணோடு "கூடுவோம்" என்கிறார், நாட்காட்டி அழைப்பும் போயிருக்கிறது. அழைப்பைத் திறந்து அதிலும் 12, 10:30 என்று இருந்தால் முடிவானதுதான், தயங்காமல் எழுதலாம். அழைப்பில் இன்னமும் பழைய தேதி இருந்தாலோ, மின்னஞ்சல் "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று முடிந்தாலோ அது வெறும் யோசனை. அப்போது உங்கள் செய்தியும் "மார்ச் 12 வியாழன் 10:30க்கு வைக்கலாமா என்று கேட்கிறார்கள்" என்றே போக வேண்டும். சுருக்கும்போது முதலில் உதிர்வது இந்த "லாமா"தான். அது உதிர்ந்தால் யோசனை ஆணையாகிவிடும்.

இப்போது எழுதுவோம். நான் எழுதினால், மூன்று வரியைக் கொஞ்சம் தாண்டி, இப்படி இருக்கும்:

> படிவக் கூட்டம் மாறியிருக்கிறது:
> *மார்ச் 12 வியாழன் காலை 10:30, 2ஆம் மாடி அறை 204.* 12 மணிக்குள் முடியும்.
> படிவத்தை ஏப்ரலில் தொடங்குவதா, இன்னும் ஒரு மாதம் சோதிப்பதா என்று முடிவெடுக்க. உங்கள் பிரிவின் பிழைப் பட்டியலோடு வாருங்கள்.
> வர முடியாதவர்கள், பதிலாக வருபவர் பெயரை மார்ச் 11 மதியத்துக்குள் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.
> (10 செவ்வாய், 3ஆம் மாடி அரங்கு: இரண்டும் ரத்து.)

இதை ஒவ்வொரு துண்டாகப் பிரித்துச் சொல்கிறேன். தவறுகள் நுழைகிற இடங்கள் அப்போதுதான் தெரியும்.

கூட்டத்தின் பெயர் முதலில் வருகிறது, ஆனால் இரண்டே சொல். குழுவில் ஒரே வாரத்தில் மூன்று கூட்டம் இருக்கும். எந்தக் கூட்டம் என்று தெரியாமல் தேதியை மட்டும் பார்த்தால் பயனில்லை. "மாறியிருக்கிறது" என்ற சொல்லும் அவசியம். அது இல்லாவிட்டால் 10ஆம் தேதிக் கூட்டம் அப்படியே இருக்கிறது, 12இல் இன்னொன்று என்று எடுத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். வணக்கம், தொடர்ச்சியாக, மேற்கண்ட பொருள் தொடர்பாக எல்லாம் இந்த இடத்தை அடைத்தால், பூட்டிய திரையில் தேதி தெரியவே தெரியாது. மரியாதை குறைகிறதே என்று தோன்றினால் அதை "வாருங்கள்", "சொல்லிவிடுங்கள்" என்ற வினை முடிவுகளில் வைத்துவிடலாம். தமிழில் மரியாதை அங்கேதான் உட்காருகிறது, முன்னுரை தேவையில்லை.

தேதியில் கிழமையும் எண்ணும் இரண்டும் இருக்கட்டும். ஒன்றைத் தவறாகத் தட்டினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். மாதத்தைச் சொல்லாக எழுதுங்கள். "12/3" என்பதைச் சிலர் டிசம்பர் 3 என்று படிப்பார்கள். "12.3, 10.30" என்று புள்ளி வைத்து எழுதினால் எது தேதி, எது மணி என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கும், மணிக்கு இரட்டைப் புள்ளி வைப்பது இதற்காகத்தான். கிழமையை ஒற்றை எழுத்தாகக் குறுக்காதீர்கள். "வி" என்றால் வியாழன், "வெ" என்றால் வெள்ளி. சின்னத் திரையில் இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் ஒரு சுழி. ஜூன், ஜூலையை "ஜூ" என்று சுருக்கினால் கேட்கவே வேண்டாம். நாலு எழுத்து மிச்சம் பிடித்து ஒரு நாளைத் தொலைப்பது லாபமான வியாபாரம் அல்ல.

"நாளை", "நாளை மறுநாள்", "வரும் வியாழன்", "அடுத்த வியாழன்" எதுவும் வேண்டாம். இரவு பதினொன்றரைக்கு நீங்கள் "நாளை" என்று போட்டதை ஒருவர் காலையில் எழுந்து பார்ப்பார். அவருக்கு நாளை வேறு. இன்னொருவர் அதை அப்படியே வேறு குழுவுக்கு அனுப்புவார், அங்கே அது மறுநாள் படிக்கப்படும். 9ஆம் தேதி திங்களன்று "அடுத்த வியாழன்" என்று எழுதினால் பாதிப் பேர் 12 என்பார்கள், மீதிப் பேர் 19 என்பார்கள். இரு தரப்பும் சரிதான், அதுதான் தொல்லை.

நேரத்தில் தமிழுக்கே உரிய ஒரு பொறி உண்டு. "4–5 மணி" என்று எழுதினால் நாலு முதல் ஐந்து வரை என்று நீங்கள் நினைப்பீர்கள். படிப்பவர் மனதில் அது "நாலு அஞ்சு மணிக்கு" என்று ஓடும். அதாவது நாலுக்கோ அஞ்சுக்கோ, சாவகாசமாக வரலாம் என்று. அதனால் "4 முதல் 5 வரை" என்றே எழுதுங்கள், அல்லது தொடங்கும் நேரத்தை மட்டும் போட்டு எப்போது முடியும் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். மேலே "12 மணிக்குள் முடியும்" என்று இருப்பதைக் கவனியுங்கள். மின்னஞ்சலில் 12 என்ற எண்ணே மணியாக வரவில்லை. 10:30 உடன் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டியது நான்தான். படிப்பவர் கணக்குப் போடுவதை மிச்சப்படுத்தும் இந்த மாதிரி மாற்றம் சரியானது, ஏனென்றால் பொருள் மாறவில்லை. "மேல் போகாது" என்றதால் "12 மணிக்கு முடியும்" என்பது பொருந்தாது, "மணிக்குள்" என்பதுதான் பொருந்தும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் அதே செய்தியில் பாருங்கள். "மார்ச் 11 மதியத்துக்குள்" என்பதை "12 மணிக்குள்" என்று மாற்றத் தோன்றும். மாற்றவில்லை. மதியம் என்பது சிலருக்குப் பன்னிரண்டு, சிலருக்குச் சாப்பாட்டு நேரம், சிலருக்கு மூன்று மணி வரை நீளும். எழுதியவர் எதை நினைத்தார் என்று தெரியாது. இல்லாத துல்லியத்தைச் சேர்ப்பது, இருக்கும் துல்லியத்தை விடுவதைப் போலவே பிழைதான். கெடு முக்கியமானது என்றால் "மதியம் என்றால் எத்தனை மணி?" என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிட்டு எண் போடுங்கள், இல்லாவிட்டால் அவர் சொல்லையே வையுங்கள். நள்ளிரவுக் கெடு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். "மார்ச் 12 இரவு 12 மணி" என்பது 12ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? முடியும் நள்ளிரவுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் "மார்ச் 12 இரவு 11:59" என்று எழுதிவிடுங்கள், குழப்பம் தீர்ந்தது.

இடத்தைக் குறுக்கும்போது பெயர், எண் இரண்டில் எதை வைப்பது? கதவில் எது எழுதியிருக்கிறதோ அதை. "சிறிய கூட்ட அறை" என்பது பேச்சு வழக்கு. புதியவர் அதைத் தேடி அலைவார். அறை 204 என்பது பலகையில் இருக்கும். ஆனால் எண்ணைத் தட்டும்போது 204, 240 ஆகிவிடலாம், அதற்காகத்தான் "2ஆம் மாடி" கூடவே நிற்கிறது. தேதிக்குக் கிழமை எப்படியோ அறை எண்ணுக்கு மாடி அப்படி. மேசை முன் உட்கார்ந்து செய்தி எழுதுபவர், எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொள்வார். குழுவில் வேறு கட்டடத்தில் இருப்பவர் ஒருவர் இருந்தாலும் கட்டடத்தின் பெயரைச் சேர்க்க வேண்டும்.

பழைய தேதியும் பழைய இடமும் ஏன் கடைசியில், அதுவும் அடைப்புக்குறிக்குள்? "மார்ச் 10 செவ்வாய் 3 மணிக் கூட்டம் மார்ச் 12 வியாழன் 10:30க்கு மாற்றம்" என்று எழுதினால் இலக்கணப்படி தவறே இல்லை. ஆனால் திரையில் வரி உடையும் இடம் "மார்ச் 10 செவ்வாய் 3 மணிக் கூட்டம்" என்பதோடு நின்றால், அதைப் பார்த்தவர் "சரி, தெரிந்ததுதான்" என்று ஃபோனைக் கீழே வைத்துவிடுவார். கண்ணில் முதலில் படும் தேதி சரியான தேதியாக இருக்க வேண்டும். இன்னொன்று, ரத்தான இடத்தைச் சொல்லும்போது "வழக்கமான அரங்கு இல்லை" என்று எழுத வேண்டாம். அரங்கே இல்லையோ, கூட்டமே இல்லையோ என்று அரைக்கண்ணில் படிப்பவர் குழம்புவார். "அரங்கில் அல்ல" என்பது சரி. "ரத்து" என்பது அதைவிடத் தெளிவு.

கூட்டம் ஏன் தள்ளிப்போனது, தணிக்கைக் குழு, புதன்கிழமைப் பேச்சு, வண்ணப்பூச்சு எல்லாவற்றையும் தயங்காமல் விட்டுவிடலாம். காரணம் தெரிய வேண்டியவர் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொள்வார். ஒரே விலக்கு, படிப்பவரின் செயலை மாற்றுகிற காரணம். மூன்றாம் மாடி முழுவதும் அடைத்திருக்கிறார்கள், மின்தூக்கி அங்கே நிற்காது என்றால் அது காரணம் அல்ல, வழி சொல்வது. அது இருக்க வேண்டும்.

நோக்கத்தில்தான் பெரும்பாலான சுருக்கங்கள் சொதப்புகின்றன. "படிவம் தொடர்பான கலந்துரையாடல்", "ஆய்வு", "விவாதம்" என்று ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுவிட்டால் நோக்கம் சொல்லியாயிற்று என்று நினைக்கிறோம். அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது: நான் வந்தே ஆக வேண்டுமா, பேச வேண்டுமா, கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதுமா? கூட்டம் முடிந்து வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். முடிவு இருக்குமா, தகவல் இருக்குமா, முடித்த வேலை இருக்குமா? அந்த விடையை வினையாக எழுதினால் நோக்கம் வந்துவிடும்: "முடிவெடுக்க", "தெரிந்துகொள்ள", "திருத்தி முடிக்க". முடிவெடுக்கும் கூட்டமாக இருந்தால் எவற்றுக்கிடையே என்பதும் வர வேண்டும். "படிவம் பற்றி முடிவெடுக்க" என்பது அரைகுறை. "ஏப்ரலில் தொடங்குவதா, இன்னும் ஒரு மாதம் சோதிப்பதா என்று முடிவெடுக்க" என்றால், ஏப்ரலை எதிர்ப்பவர் கட்டாயம் வருவார். வர முடியாவிட்டால் சரியான ஆளை அனுப்புவார். ஏழெட்டுச் சொல் இதற்குச் செலவானாலும் பரவாயில்லை. தேதியையும் இடத்தையும் இறுக்கிப் பிடித்து மிச்சப்படுத்திய இடத்தை இங்கே தாராளமாகச் செலவிடலாம்.

அதே வரியின் நீட்சிதான் பிழைப் பட்டியல். மின்னஞ்சலில் "கொண்டுவந்தால் பேச்சு எளிதாகும்" என்று மென்மையாக இருக்கிறது. செய்தியில் "பட்டியலோடு வாருங்கள்" என்று கொஞ்சம் அழுத்தமாகியிருக்கிறது. "கட்டாயம் கொண்டுவரவும், இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை" என்ற அளவுக்குப் போகாதவரை இது சரி.

அடுத்தது, எளிதில் கண்ணில் படாத ஒரு தவறு. மின்னஞ்சலில் "எனக்குத் தெரிவித்தால் போதும்" என்று இருக்கிறது. அந்த "எனக்கு" ஒருங்கிணைப்பாளர். அதை அப்படியே நகலெடுத்து உங்கள் பெயரில் குழுவில் போட்டால், "எனக்கு" நீங்களாகிவிடுவீர்கள். பெயர்கள் எல்லாம் உங்களுக்கு வரும், ஒருங்கிணைப்பாளர் காத்துக்கொண்டிருப்பார். நான், எனக்கு, நம் அறை, இங்கே, இன்று என்று எழுதியவரின் இருப்பிடத்தைச் சார்ந்த சொல் எதுவாக இருந்தாலும் ஆள் பெயராக, இடப் பெயராக, தேதியாக மாற்றிய பிறகே அனுப்ப வேண்டும்.

வெளியிடங்களில் இருப்பவர்களுக்கு இந்தச் செய்தியில் இடமே கொடுக்கவில்லை என்று நீங்கள் கவனித்திருக்கலாம். வேண்டுமென்றேதான். அவர்களுக்கு "இடம்" என்பது அறை அல்ல, இணைப்பு. ஒரே செய்தியில் இரண்டையும் திணித்தால் நேரில் வர வேண்டியவர்களும் "காணொளி இருக்கிறதே" என்று இருந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தனியாக ஒன்று அனுப்புங்கள்: "படிவக் கூட்டம் மாறியிருக்கிறது: மார்ச் 12 வியாழன் காலை 10:30, காணொளியில். இணைப்பு நாட்காட்டி அழைப்பில்." தொடர்ந்து அதே நோக்க வரி. இணைப்பையே செய்தியில் போடுவதானால் அது தனி வரியில், கடைசியில் நிற்கட்டும். அதன் வாலில் முற்றுப்புள்ளியோ "-இல்" போன்ற உருபோ ஒட்டினால், சில செயலிகள் அதையும் முகவரியின் பகுதியாக எடுத்துக்கொள்ளும், தட்டினால் திறக்காது. கடவுச்சொல்லும் உள்ளே பொதிந்த இணைப்பைப் பெரிய குழுவில் போடாதீர்கள். அது யார் கைக்கும் போகும். பெறுபவர் வேறு நேர மண்டலத்தில் இருந்தால் மணிக்குப் பின்னால் எந்த ஊர் நேரம் என்று எழுத வேண்டும். மார்ச்சில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை: அமெரிக்காவின் பெரும்பகுதி மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடும், ஐரோப்பாவின் பெரும்பகுதி மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் தள்ளும். இடைப்பட்ட வாரங்களில் இவை இரண்டுக்கும் இடையே பழகிய நேர வித்தியாசம் ஒரு மணி பிசகும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் மாதிரியான செயலியில் மேலே உள்ள ஐந்து வரி தாராளமாகப் போகும்; ஒரு திரைக்குள் அடங்குவதே எல்லை. சாதாரணக் குறுஞ்செய்தியில் அப்படி இல்லை. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழில் எழுதினால் 70தான். அதுவும் நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கு அல்ல. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கும். "கூட்டம்" நமக்கு நாலு எழுத்து, குறுஞ்செய்திக்கு ஏழு. "படிவக் கூட்டம்: மார்ச் 12 வியாழன் காலை 10:30, அறை 204" என்பது 53 இடம், ஒரே செய்தியில் போய்விடும். அதோடு ", பிழைப் பட்டியலுடன்" என்று சேர்த்தால் 73 ஆகி இரண்டாக உடையும். பெரும்பாலான ஃபோன்கள் உடைந்ததை ஒட்டிக் காட்டிவிடும், ஆனால் இரண்டு செய்தியாகவே கணக்காகும். அங்கே நோக்கத்தைத் தனிச் செய்தியாக அனுப்புவது நல்லது. தேதி, மணி, இடம் மூன்றும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்க அதன் இரு முனையிலும் `*` போட்டால் போதும்; குறிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் வேலை செய்யாது. தேதி, மணி, இடம் உள்ள ஒரு வரியை மட்டும் தடிப்பாக்குங்கள். ஐந்து வரியும் தடிப்பானால் எதுவுமே தடிப்பில்லை. பேச்சு அதிகம் ஓடும் குழுவாக இருந்தால் செய்தியை மேலே பொருத்திவைக்கலாம். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். கூட்டம் நடக்கும் நாளைத் தாண்டாத அளவைத் தேர்ந்தெடுங்கள். முடிந்த கூட்டம் தலைக்கு மேல் தொங்கினால் அடுத்த அறிவிப்பை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அனுப்பும் முன் மின்னஞ்சலை மூடிவிட்டு உங்கள் செய்தியை மட்டும் படியுங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, எதற்கு, நான் என்ன செய்ய வேண்டும்? ஐந்துக்கும் திரையிலேயே விடை இருக்க வேண்டும். நினைவிலிருந்து வந்தால் அது விட்டுப்போனது. பிறகு மின்னஞ்சலைத் திறந்து எண்களை மட்டும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்: 12, 10:30, 2, 204, 11, 10, 3. வாக்கியங்களை மறுபடி படிப்பது வீண், கண் வழுக்கிக்கொண்டு போகும். எண்களை மட்டும் விரல் வைத்துப் பார்த்தால் அரை நிமிடம்.

அப்படியும் தவறான மணி போய்விட்டால், வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் திருத்தியது யாருக்கும் புதிய அறிவிப்பாகப் போகாது. ஏற்கெனவே படித்துவிட்டவர் பழைய மணியோடு போய்விட்டிருப்பார். எழுத்துப்பிழை என்றால் திருத்தினால் போதும். தேதி, மணி, இடம் தவறு என்றால் பழைய செய்தியைத் திருத்தியும் விடுங்கள், கூடவே புதிதாக ஒன்றும் போடுங்கள்: "திருத்தம், படிவக் கூட்டம்: மார்ச் 12 வியாழன் காலை *10:30* (11:30 அல்ல), 2ஆம் மாடி அறை 204." மாறியது மணி மட்டும்தான் என்றாலும் தேதியும் இடமும் மறுபடி வருகின்றன. "மன்னிக்கவும், 10:30" என்று மட்டும் போட்டால், நடுவில் இருபது செய்தி ஓடிவிட்ட குழுவில் எந்தக் கூட்டத்துக்கு 10:30 என்ற கேள்வி மறுபடி உங்களிடமே வரும்.